வளைவு சுமையுடையது, அடிக்கோடு யாருடையது? வெட்டு விசைப் படமும் வளைவுத் திருப்புத்திறன் படமும்

கட்டடப் பொறியியல் படித்த எவருக்கும் பழகிய படம் இது. மேலே ஒரு நீண்ட கோடு, அதுதான் உத்திரம். அதன் கீழே முக்கோணங்களாகத் தாங்கிகள், தலைக்கு மேல் அம்புகளாகச் சுமை. அதற்கு நேர் கீழே இன்னும் இரண்டு படங்கள் இருக்கும். ஒன்று வெட்டு விசைப் படம், மற்றொன்று வளைவுத் திருப்புத்திறன் படம். பணியிடத்திலும் வகுப்பறையிலும் இவற்றை ஷியர், மொமென்ட் என்றே சொல்கிறோம். இக்கட்டுரையிலும் பெரும்பாலும் அந்தச் சொற்களே வரும்.

இந்த இரண்டையும் வரையப் பலருக்குத் தெரியும். வரைந்ததைப் படிப்பதில்தான் கருத்து வேறுபாடு தொடங்குகிறது. அந்த வளைவு சுமையைப் பற்றிய செய்தியா, உத்திரத்தின் உள்ளே நடப்பதைப் பற்றிய செய்தியா, அல்லது கணக்கை ஒழுங்காக வைத்துக்கொள்ள உதவும் ஏற்பாடு மட்டும்தானா? முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இதற்குப் பல விடைகள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் படத்தைப் படிக்க ஒரு வழியைத் தருகிறது, ஒவ்வொன்றும் ஓரிடத்தில் கைவிடவும் செய்கிறது. அவற்றை ஒரே உத்திரத்தை வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

அந்த உத்திரம் இப்படி இருக்கட்டும். இடத்தாங்கிக்கும் வலத்தாங்கிக்கும் இடையே 6 மீட்டர். வலத்தாங்கியைத் தாண்டி உத்திரம் இன்னும் 2 மீட்டர் வெளியே நீள்கிறது. தாங்கிகளுக்கு இடைப்பட்ட பகுதியில் மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் என்று சுமை சீராகப் பரவியிருக்கிறது. நீட்டத்தின் நுனியில் 30 கிலோநியூட்டன் புள்ளிச் சுமை. நீட்டத்தின் சொந்த எடையைக் கணக்கு எளிதாக இருக்க விட்டுவிடுவோம். பால்கனி வைத்த பல வீடுகளில் இப்படிப்பட்ட உத்திரத்தைக் காணலாம்.

வெட்டிப் பார்ப்பவர்களின் விடை

முதல் விடையின் வேர் கலிலியோவிடம் இருக்கிறது. 1638இல் வெளிவந்த ‘இரண்டு புதிய அறிவியல்கள்’ நூலில், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மரத்துண்டின் நுனியில் எடையைத் தொங்கவிட்டு, அது எங்கே, எவ்வளவு எடையில் முறியும் என்று அவர் கேட்டார். சுவரிலிருந்து எடை எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்கு அதன் முறிக்கும் வலு கூடும் என்று சரியாகவே கண்டார். ஆனால் முறியும் முகம் முழுவதும் ஒரே அளவில் இழுபட்டு, கீழ் விளிம்பைப் பற்றிக்கொண்டு திரும்புவதாக எண்ணினார். இன்றைய மீட்சிக் கோட்பாட்டின்படி பார்த்தால், அவர் கணக்கு மரத்துக்கு மூன்று மடங்கு வலு கூடுதலாகத் தந்துவிடுகிறது.

இந்தப் பிழை நமக்கு ஒன்றைக் கற்றுத் தருகிறது. அதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடந்தன. வெளியிலிருக்கும் சுமை ஒரு குறுக்குவெட்டின் மீது எவ்வளவு திருப்பத்தைச் சுமத்துகிறது என்பது ஒன்று. அதை அந்தப் பொருள் உள்ளே எப்படித் தாங்குகிறது என்பது மற்றொன்று. கலிலியோ முதலாவதில் சரி, இரண்டாவதில் தவறு. 1773இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் வாசித்த கட்டுரையில் கூலும், வெட்டிய முகத்தில் கிடைவிசைகளும் நிலைக்குத்து விசைகளும் திருப்பமும் தனித்தனியே சமன்பட வேண்டும் என்று எடுத்துக்காட்டினார். 1826இல் அச்சான நேவியேவின் விரிவுரைகளுக்குப் பிறகு அந்த முறை பொறியாளர்களின் அன்றாடக் கருவியாயிற்று.

இந்த வழியில் படிப்பவருக்கு, படத்தின் ஒவ்வொரு உயரமும் ஒரு கற்பனை வெட்டின் விடை. உத்திரத்தை ஓரிடத்தில் அறுத்து, இடது துண்டை மட்டும் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தத் துண்டு மேலோ கீழோ நகராமல் நிற்க வெட்டு முகத்தில் தேவைப்படும் விசைதான் ஷியர். அது சுழலாமல் நிற்கத் தேவைப்படும் திருப்பம்தான் மொமென்ட்.

நம் உத்திரத்தில் பரவிய சுமை மொத்தம் 120 கிலோநியூட்டன். இடத்தாங்கியைப் பற்றித் திருப்பம் எடுத்தால், 120ஐ 3ஆலும் 30ஐ 8ஆலும் பெருக்கிக் கூட்ட 600 வருகிறது. அதை 6ஆல் வகுத்தால் வலத்தாங்கியின் எதிர்விசை 100. மிச்சம் 50 இடத்தாங்கிக்கு. இனி இடத்தாங்கியிலிருந்து 3 மீட்டரில் அறுப்போம். இடது துண்டின் மீது மேல்நோக்கி 50, கீழ்நோக்கி 60. ஆகவே ஷியர் கழித்தல் 10. திருப்பம் 50ஐ 3ஆல் பெருக்கியதிலிருந்து 60ஐ 1.5ஆல் பெருக்கியதைக் கழித்தால் 60 கிலோநியூட்டன் மீட்டர்.

இதில் ஐயத்துக்கு இடமில்லை, சமநிலை ஒன்றே சாட்சி. குறை வேறிடத்தில் இருக்கிறது. இந்த வாசிப்பு ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியாகப் பார்க்கிறது. பத்து இடத்தில் அறுத்துப் பத்து எண்களைப் பெற்றவர், பதினோராவது இடத்தில் பெரிய எண் ஒளிந்திருக்கிறதா என்று அறிய மாட்டார். நடுவில் 60 கண்டவர் அதுவே உச்சம் என்று நின்றுவிடுவது மாணவர்களிடம் அடிக்கடி காணும் தவறு.

சாய்வைப் பார்ப்பவர்களின் விடை

புள்ளிகளை ஒரு தொடராகக் கோத்தவர்களில் முதன்மையானவர் ஜெர்மன் பாலப் பொறியாளர் ஷ்வெட்லர். 1851இல் அவர் வெளியிட்ட பால உத்திரக் கோட்பாட்டில், மொமென்ட் நீளவாக்கில் மாறும் வேகமே ஷியர் என்ற உறவு இடம்பெற்றது. இன்று அதை `dM/dx = V` என்று எழுதுகிறோம். அதற்கு மேல் ஒரு படி ஏறினால், ஷியர் மாறும் வேகம் சுமை.

இப்படிப் படிக்கையில் மூன்று படங்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதன் பொருள் விளங்குகிறது. நம் உத்திரத்தின் ஷியர் படம் இடத்தாங்கியில் 50க்கு எழும்பித் தொடங்கி, மீட்டருக்கு 20 வீதம் சரிந்து, 2.5 மீட்டரில் கோட்டைக் கடந்து, வலத்தாங்கியின் இடது ஓரத்தில் கழித்தல் 70ஐத் தொடுகிறது. அங்கே எதிர்விசை அதை 100 அளவுக்குத் தூக்கி 30இல் நிறுத்துகிறது. நீட்டத்தில் பரவிய சுமை இல்லாததால் கோடு தட்டையாகப் போகிறது. நுனியில் 30 இறங்க, படம் பூச்சியத்தில் மூடிக்கொள்கிறது. அப்படி மூடாவிட்டால் எதிர்விசையில் பிழை என்று பொருள். வேறு எதையும் பார்க்கும் முன் பார்க்க வேண்டியது இதைத்தான்.

மொமென்டுக்குப் பரப்பைக் கூட்டினால் போதும். முதல் முக்கோணத்தின் பரப்பு, 50ஐ 2.5ஆல் பெருக்கிப் பாதி எடுத்தால், 62.5. அதுதான் உச்சம். அது நடுவில் வராமல் நடுவுக்கு அரை மீட்டர் இடப்புறம் வருகிறது. அடுத்த முக்கோணம் 3.5 மீட்டர் நீளத்தில் 122.5ஐக் கழிக்கிறது. ஆக வலத்தாங்கியின் மேல் கழித்தல் 60. நீட்டத்தின் செவ்வகம் 60ஐத் திருப்பிக் கொடுக்க, நுனியில் பூச்சியம். வலத்தாங்கியின் 60ஐ வலப்புறமிருந்தும் சரிபார்க்கலாம்: நுனியின் 30ஐ 2 மீட்டரால் பெருக்கினால் அதே 60. இரண்டு பக்கமிருந்தும் ஒரே எண் வந்தால் படத்தை நம்பலாம்.

ஷியர் கோடு அடிக்கோட்டை இரண்டு இடங்களில் கடக்கிறது, 2.5 மீட்டரில் ஒருமுறையும் வலத்தாங்கியில் ஒருமுறையும். ஆகவே மொமென்டுக்கு இரண்டு உச்சங்கள், ஒன்று தொய்வில், ஒன்று கூனில். உத்திரம் தொட்டில்போல் கீழே வளைவதைத் தொய்வு என்றும், முதுகைத் தூக்குவதைக் கூன் என்றும் இங்கே சொல்கிறேன். தொய்வின் உச்சத்தை மட்டும் கண்டு நின்றுவிடுபவர் பால்கனியைத் தாங்கும் கம்பியையே தவற விடுவார்.

வளைவின் வயிறு எந்தப் பக்கம் புடைக்க வேண்டும் என்ற பழைய குழப்பத்தையும் இந்த வாசிப்பு தீர்க்கிறது. ஷியர் பெரிதாக உள்ள இடத்தில் மொமென்ட் வளைவு செங்குத்தாகவும், ஷியர் சிறுக்கும் இடத்தில் தட்டையாகவும் இருக்க வேண்டும். நம் வளைவு இடத்தாங்கியில் விறுவிறுவென்று கிளம்பி, 2.5 மீட்டரில் படுத்து, வலத்தாங்கியை நெருங்க நெருங்க மிகச் செங்குத்தாகிறது.

இதற்கும் ஒரு வரம்பு உண்டு. உத்திரத்தின் மேல் ஒரு தாங்கற்கையைப் பொருத்தி, அதன் வழியாக வெறும் திருப்பத்தை மட்டும் செலுத்தினால், அந்த இடத்தில் மொமென்ட் படம் படிக்கட்டுபோல் துள்ளும். ஷியர் படமோ அந்தப் புள்ளியில் அசையாது. பரப்பை மட்டும் கூட்டிக்கொண்டு வந்தவரின் படம் கடைசியில் மூடாமல் நிற்கும், காரணமும் அவருக்குப் புலப்படாது. ஷியர் படத்திலிருந்து மொமென்ட் படம் முழுவதும் பிறக்கிறது என்பது பாதி உண்மைதான்.

தொங்கும் கயிற்றில் காண்பவர்களின் விடை

மூன்றாவது விடையில் கணக்கைவிட உருவத்துக்கு இடம் அதிகம். வரினியோனின் மறைவுக்குப் பின் 1725இல் வெளியான அவரது இயக்கவியல் நூலில், எடைகள் கட்டிய கயிறு எந்த வடிவில் தொங்கும் என்பதை வரைந்து காணும் முறை இருக்கிறது. சூரிக்கில் பேராசிரியராக இருந்த கார்ல் குல்மன் 1866இல் வெளியிட்ட ‘வரைகலை நிலையியல்’ அதை உத்திரங்களுக்குக் கொண்டுவந்தது.

உத்திரத்தை எடுத்துவிட்டு அதே சுமைகளை ஒரு கயிற்றில் தொங்கவிட்டால், கயிறு எடுக்கும் வடிவமே மொமென்ட் படத்தின் வடிவம். கயிற்றின் இரு முனைகளையும் இணைக்கும் நேர்கோட்டிலிருந்து கயிறு எவ்வளவு கீழே இருக்கிறது என்பதைக் கயிற்றின் கிடை இழுவிசையால் பெருக்கினால் அந்த இடத்தின் மொமென்ட் கிடைக்கும். கிடை இழுவிசை 100 கிலோநியூட்டன் என்றால், 62.5 என்பது 62.5 சென்டிமீட்டர் தொங்கல்.

இந்த வாசிப்பின் உண்மையான பயன் வேறு. அது படத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறது: தொங்கும் வளைவு ஒன்று, அது தொங்கும் கோடு ஒன்று. 6 மீட்டருக்கு 20 பரவினால் `wL²/8` என்ற கணக்கில் நடுவில் 90 ஆழமுள்ள பரவளையம் கிடைக்கிறது. அந்தப் பரவளையத்தைச் சுமையும் நீளமும் மட்டுமே தீர்மானிக்கின்றன. இப்போது நுனியின் 30 என்ன செய்கிறது? வளைவைத் தொடுவதே இல்லை. கோட்டின் வலது முனையை 60 அளவுக்கு மேலே தூக்குகிறது, அவ்வளவுதான். இடது முனை பூச்சியத்திலேயே நிற்கிறது. ஆகவே நடுவில் கோடு 30 உயர்கிறது, 90இலிருந்து 30 போக மிச்சம் 60. முன்பு அறுத்துப் பார்த்துக் கண்ட எண்ணேதான்.

நுனிச் சுமை 45 ஆனால், வலது முனை 90க்கு ஏறும், நடுவில் 45 மிஞ்சும். மறுபடி எதிர்விசை கணக்கிட வேண்டியதில்லை. எல்லா வாசிப்புகளிலும் இதுவே ஆழமானது என்பது என் கருத்து. வளைவு சுமைக்குச் சொந்தம், அடிக்கோடு தாங்கிகளுக்குச் சொந்தம் என்று பிரித்துக் காட்டுவது இது ஒன்றுதான். எண்களைத் துல்லியமாகத் தருவதில் மற்ற முறைகள் இதை முந்திவிட்டன. பென்சிலின் தடிமனே பிழையாகிவிடும் வரைபலகை வேலையைக் கணினி வழக்கொழித்தது இயல்பு. ஆனால் வரைவதோடு பார்வையும் வழக்கொழிந்தது இழப்பு.

எந்தப் பக்கம் வரைவது?

நான்காவது தரப்பினருக்கு வடிவத்தில் சண்டை இல்லை, பக்கத்தில்தான். நம் நாட்டுக் கல்லூரிகளிலும் அமெரிக்கப் பாடநூல்களிலும் தொய்வு மொமென்டைக் கூட்டல் குறியிட்டுக் கோட்டுக்கு மேலே வரைவது வழக்கம். ஜெர்மனியிலும் பிரிட்டிஷ் வடிவமைப்பு அலுவலகங்களிலும் அதே தொய்வு மொமென்டைக் கீழே வரைகிறார்கள். இழுபடும் முகம் எதுவோ அந்தப் பக்கம் படம் இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி.

மேலே வரைபவர்களின் வாதம் கணிதச் சீர்மை. கூட்டல் மேலே, கழித்தல் கீழே, சாய்வு ஷியருக்குச் சமம், எல்லாம் கண்ணால் பார்த்தபடி ஒத்துப்போகும். கீழே வரைபவர்களுக்கு அந்த வசதி கிடையாது. ஷியர் கூட்டலாக இருக்கையில் அவர்கள் வளைவு கீழே இறங்கும், புதிதாகக் கற்பவர் தடுமாறுவார்.

ஆனால் இழுவிசைப் பக்கத்தில் வரைந்த படத்துக்குக் குறியே தேவையில்லை. படம் கீழே இருந்தால் கம்பி கீழே, படம் மேலே இருந்தால் கம்பி மேலே. நம் உத்திரத்தின் படத்தை அப்படி வரைந்து கம்பி கட்டுபவரிடம் காட்டினால், வலத்தாங்கியின் தலைக்கு மேல் கம்பி வேண்டும் என்பது விளக்கம் இல்லாமலே புரியும். தூண்களில் இது இன்னும் வெளிப்படை. நிமிர்ந்து நிற்கும் தூணுக்குத் தொய்வு ஏது, கூன் ஏது? அங்கே குறி பொருளிழக்கிறது, இழுபடும் முகம் என்பது மட்டும் மாறாமல் நிற்கிறது. தொங்கும் கயிற்றின் படமும் இந்தப் படமும் ஒன்றே என்பது இன்னொரு வலு.

குறிகளைப் பற்றி ஒன்றைச் சற்று நின்று கவனிக்க வேண்டும், ஏனெனில் இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். உத்திரத்தைச் சுற்றி மறுபக்கம் போய் நின்று பாருங்கள். தொய்வு அங்கிருந்தும் தொய்வாகவே தெரியும். ஆனால் இடது துண்டு மேலே தள்ளப்படுவது கூட்டல் என்று நீங்கள் வைத்திருந்த ஷியர், மறுபக்கத்திலிருந்து கழித்தலாகிவிடும். மொமென்டின் தொய்வுக்கும் கூனுக்கும் இயற்கையில் ஓர் அடையாளம் உண்டு, ஷியரின் குறி பார்ப்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. கணினியில் உத்திரத்தை வலமிருந்து இடமாக உள்ளிட்டால் ஷியர் படம் தலைகீழாவது இதனால்தான். அதைப் பிழை என்று எண்ணித் திருத்தப் போய், சரியாக இருந்த மொமென்டையும் சேர்த்துத் திருப்பிவிடுவது ஆபத்தானது.

இந்த வழக்கில் கட்டுமானத்துக்கு இழுவிசைப் பக்கமே மேல் என்று படுகிறது. ஆயினும் எந்தப் பக்கம் என்பதைவிட, எந்தப் பக்கம் என்று படத்தில் எழுதியிருப்பது முக்கியம். பக்கம் மாறிப் படித்ததன் விளைவைச் சன்ஷேடுகளிலும் பால்கனிகளிலும் காணலாம். கம்பியைக் கீழே வைத்து ஊற்றிய சன்ஷேடு, முட்டு இருக்கும் வரை நன்றாகவே நிற்கும். முட்டை எடுத்ததும் சுவரையொட்டி மேல் முகத்தில் வெடிப்பு விழும். சரியாக மேலே கட்டிய கம்பியும், கான்கிரீட் ஊற்றுபவர்களின் காலில் மிதிபட்டுக் கீழே இறங்கினால் கதி அதேதான்.

அடிக்கோடு நகரும்போது

இதுவரை பார்த்த உத்திரத்தில் சமநிலையே எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது. உத்திரம் தேக்கா, எஃகா, கான்கிரீட்டா என்று யாரும் கேட்கவில்லை. இனி அதே 6 மீட்டரை, அதே 20ஐ, நீட்டம் இல்லாமல் இரு முனையும் இறுகப் பிடித்த உத்திரமாக எடுத்துக்கொள்வோம். பாடநூல் விடை: முனைகளில் `wL²/12`, அதாவது 60 கூன். நடுவில் `wL²/24`, அதாவது 30 தொய்வு. இரண்டும் சேர்ந்தால் அதே 90.

அந்த 90 சமநிலையின் சொல், அதை யாராலும் மாற்ற முடியாது. ஆனால் 60க்கும் 30க்கும் பிரித்தது சமநிலை அல்ல. முனைகள் இம்மியும் திரும்பாது, தாங்கிகள் இம்மியும் இறங்காது என்ற அனுமானம் அது. தூண் சற்றே வளைந்து கொடுத்தாலும் கோடு கீழே இறங்கும், முனையில் குறைந்தது நடுவில் கூடும். 1857இல் கிளாப்பெய்ரோன் தந்த மும்மொமென்ட் தேற்றமும் அதன் பின்வந்த முறைகளும் அந்தக் கோட்டின் இடத்தை மேலும் மேலும் நுட்பமாகக் கணித்தன. அனுமானங்கள் உண்மையாக இருக்கும் வரை அந்த நுட்பத்துக்கு மதிப்புண்டு.

உண்மையாக இருக்கின்றனவா என்று கேட்டவர்கள் பின்னர் வந்தார்கள். ஹங்கேரியில் காசின்சி 1914இல் வெளியிட்ட சோதனைகளில், இரு முனையும் பிடித்த எஃகு உத்திரம் ஓரிடத்தில் நெகிழ்ந்ததும் விழுந்துவிடவில்லை. முனைகள் நெகிழ்ந்த பின்னும் நடுப்பகுதி தன் பங்கை ஏற்றுக்கொண்டு நின்றது. பிரிட்டனில் 1929இல் அமைந்த எஃகுக் கட்டமைப்பு ஆய்வுக் குழுவின் பணியில், ஜான் பேக்கரும் உடன் பணியாற்றியவர்களும் கட்டடங்களிலேயே தகைவுகளை அளந்தபோது, கணக்கில் நம்பிக்கையோடு எழுதிய எண்களோடு அவை ஒத்துவரவில்லை. அந்த அனுபவமே பேக்கரை நெகிழ்வுக் கோட்பாட்டின் பக்கம் திருப்பியது.

அந்தத் தரப்பின் வாதம் துணிச்சலானது. உண்மையான கோடு எங்கே என்று தேடுவதை விடுங்கள். சமநிலைக்கு ஒத்த ஏதாவதொரு கோட்டைத் தேர்ந்து, அதற்கேற்ற வலுவைக் கொடுங்கள், உத்திரம் நெகிழக்கூடியதாக இருந்தால் விழாது. முனையில் 45, நடுவில் 45 என்று பிரித்தாலும் கூட்டல் 90தானே. இந்தியக் கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456 இதை ஓரளவு ஏற்கிறது. மீட்சிக் கணக்கில் வந்த மொமென்டை 30 விழுக்காட்டுக்கு மேல் குறைக்காமல் மறுபங்கீடு செய்யலாம். 60ஐ 45 ஆக்குவது 25 விழுக்காடு, வரம்புக்குள் அடங்கும். பதிலுக்கு அந்தக் குறுக்குவெட்டு உடையாமல் திரும்பக்கூடியதாக இருக்க வேண்டும். கம்பியை அளவுக்கு மீறித் திணித்த உத்திரத்துக்கு அந்தத் திறன் இல்லை.

இந்தத் தரப்பின் பலவீனம் இரண்டு. விழாது என்று அது உறுதி தருகிறது, வெடிக்காது என்று தருவதில்லை. மேலும், அடிக்கோட்டை நகர்த்தும் உரிமை எல்லா இடத்திலும் கிடையாது. நம் முதல் உத்திரத்தின் வலத்தாங்கியில் வந்த 60, நுனியின் 30ஐயும் 2 மீட்டரையும் பெருக்கி வந்தது. அதற்குப் பங்கிட்டுக்கொள்ள வேறு துணை இல்லை. மறுபங்கீடு என்ற பெயரில் நீட்டத்தின் மேல்கம்பியைக் குறைப்பது வாசிப்புப் பிழை மட்டும் அன்று, விபத்து.

ஒரு படம் சொல்லாதவை

இனி எஞ்சும் கேள்விகள். மொமென்ட் படத்தைக் கம்பியின் இழுவிசைப் படமாக அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? முழுவதும் முடியாது. ஷியர் பெரிதாக உள்ள இடத்தில் கான்கிரீட்டில் சாய்வாக வெடிப்பு ஓடுகிறது. வெடிப்பு கம்பியை ஓரிடத்தில் கடக்கிறது, அமுங்கும் முகத்தை வேறோரிடத்தில் சென்றடைகிறது. ஆகவே கம்பியில் உள்ள இழுவிசை, அது இருக்கும் இடத்தின் மொமென்டுக்கு அல்ல, சற்றுத் தள்ளி மொமென்ட் பெரிதாக உள்ள இடத்துக்குப் பதில் சொல்கிறது. ரிட்டரும் மோர்ஷும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தையொட்டி உருவாக்கிய சட்டக ஒப்புமை இதை விளக்குகிறது. கணக்குப்படி தேவையற்றுப்போன இடத்தையும் தாண்டிக் கம்பி நீள வேண்டும் என்று விதிநூல் கேட்பது இதையும் உள்ளடக்கித்தான். இரண்டு படங்களையும் தனித்தனியாகப் படிக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் இல்லை. அந்தத் தள்ளல் துல்லியமாக எவ்வளவு என்பது வெடிப்பின் சாய்வைப் பொறுத்தது, அதில் நாடுகளின் விதிநூல்கள் இன்னும் ஒருமித்துப் போகவில்லை.

மற்றொன்று, வரைந்த படம் ஒரே ஒரு சுமை நிலையின் படம். நம் உத்திரத்தில் தொய்வு கூனாக மாறும் புள்ளி எங்கே? மொமென்ட் `50x − 10x²`, அது 5 மீட்டரில் பூச்சியமாகிறது. வலத்தாங்கிக்கு 1 மீட்டர் முன்பு. மீட்டருக்கு 20 என்றதில் பாதி நிலையான எடை, பாதி வந்துபோகும் சுமை என்று வையுங்கள். அறை காலியாகி, பால்கனியில் மட்டும் ஆட்கள் கூடி நின்றால், இடையில் 10 மட்டுமே மிஞ்சும், நுனியில் 30 அப்படியே இருக்கும். மறுபடி எதிர்விசை எடுத்தால் இடத்தாங்கியில் 20, மொமென்ட் `20x − 5x²`. தொய்வின் உச்சம் 62.5இலிருந்து 20க்கு விழுகிறது. வலத்தாங்கியின் கூன் 60இல் மாற்றமே இல்லை. ஆனால் மாறும் புள்ளி 4 மீட்டருக்கு வந்துவிடுகிறது, வலத்தாங்கியிலிருந்து 2 மீட்டர் உள்ளே. சுமை குறைந்தது, தாங்கிகளுக்கு இடையே மேல் முகம் இழுபடும் நீளமோ இரட்டிப்பானது. கயிற்றின் மொழியில் சொன்னால் கோடு நகரவில்லை, அதில் தொங்கிய வளைவு ஆழம் குறைந்தது.

முழுச் சுமைதான் எப்போதும் மோசமான நிலை என்று எண்ணுபவர் இந்த இரண்டாவது படத்தை வரையவே மாட்டார். எல்லாச் சுமை நிலைகளின் படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வெளி விளிம்பை எடுக்கும் வழக்கம் இதற்காகத்தான் உள்ளது. எத்தனை நிலைகளை அடுக்கினால் போதும் என்பது விதிநூல் குறைந்தபட்ச அளவில் சொல்வது, மிச்சம் பொறியாளரின் கணிப்பு.

இந்த உத்திரம் 230க்கு 450 மில்லிமீட்டர் கான்கிரீட் உத்திரம் என்றும், அதன் பயனுறு ஆழம் ஏறக்குறைய 400 மில்லிமீட்டர் என்றும் கொள்வோம். வலத்தாங்கியின் மேல்கம்பியில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு, வளைவு மாறும் புள்ளியையும் தாண்டி, பயனுறு ஆழம், கம்பி விட்டத்தின் 12 மடங்கு, தாங்கிகளிடை நீளத்தில் பதினாறில் ஒரு பங்கு ஆகியவற்றில் எது பெரிதோ அவ்வளவு நீள வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456. இங்கே பயனுறு ஆழமே பெரிது. முழுச் சுமைப் படத்தை மட்டும் படித்தவர் வலத்தாங்கியிலிருந்து 1.4 மீட்டரில் கம்பியை வெட்டுவார். இரண்டு படத்தையும் படித்தவர் 2.4 மீட்டரில் வெட்டுவார்.